பழைய மில்லுக்கு ஒரு கடிதம்

கோவைப் பக்கத்து மில்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பலரிடம் ஒரு பழைய தாள் இருக்கும். மில்லின் லெட்டர்பேடில் மூன்று வரி: இன்னார் 1998 முதல் 2003 வரை எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அடுத்த மில்லில் வேலை கேட்க இது போதும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் பி.எஃப். அலுவலகத்தின் பென்ஷன் பிரிவில் நீட்டினால், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுப்பார்கள். குறை அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை. அவருக்குத் தேவையான ஒரு விவரம்கூட அந்தத் தாளில் இல்லை.

அதனால் பழைய நிறுவனத்துக்குப் பணிச் சான்றிதழ் கேட்டு எழுதும் முன்பு, அந்தச் சான்றிதழ் எந்தக் கணக்கில் போய்ச் சேரப்போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் மாத ஓய்வூதியம், 1995 நவம்பர் 16 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி வருவது. நிர்வாகம் நமக்காகக் கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது. 58 வயதில் ஓய்வூதியம் வேண்டுமானால் குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒரே இடத்தில் பத்து ஆண்டு இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று இடங்களில் பார்த்ததையும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டி வரும் மொத்தத்தில் மிச்ச மாதங்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒரு முழு ஆண்டாகிவிடும். ஆறுக்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள். அதாவது ஒன்பதரை ஆண்டு இருப்பவர் உள்ளே, ஒன்பது ஆண்டு ஐந்து மாதம் இருப்பவர் வெளியே.

சான்றிதழில் ‘1998 முதல் 2003 வரை’ என்று எழுதுவது ஏன் பயன்படாது என்பது இங்கேதான் புரியும். 1998 ஜனவரியா டிசம்பரா என்பதில் கிட்டத்தட்ட ஒரு வருடமே அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1968இல் பிறந்த ஒரு பெண். முதல் மில்லில் கோன் வைண்டிங்கில் 1998 ஆகஸ்ட் 12 முதல் 2003 ஏப்ரல் 30 வரை வேலை. பிறகு பிள்ளைகள், வீடு என்று பன்னிரண்டு ஆண்டு போய்விட்டது. மறுபடி 2015 பிப்ரவரி 1 முதல் 2020 ஜனவரி 31 வரை வேறொரு மில். முதல் வேலை 4 ஆண்டு 8 மாதம் 19 நாள், இரண்டாவது சரியாக 5 ஆண்டு. இரண்டும் சேர்ந்து 9 ஆண்டு 8 மாதம் 19 நாள். இது பத்து ஆண்டாகக் கணக்காகும்; ஓய்வூதியம் உண்டு.

எவ்வளவு வரும்? ஓய்வூதியத்துக்கான சம்பளத்தை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுப்பார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய காலத்துக்கு மட்டும் சம்பளம் 6,500 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. இந்த அம்மாவின் சராசரி 13,500 என்றால், முதல் மில்லுக்கு மாதம் 440 ரூபாய் அளவிலும் இரண்டாவதற்கு 960 அளவிலும் சேர்ந்து சுமார் 1,400 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பிறகு கணவருக்கும் ஒரு பகுதி போகும். முதல் மில்லின் சேவையை நிரூபிக்க முடியாவிட்டால் கையில் நிற்பது ஐந்தே ஆண்டு. அதற்கு மாத ஓய்வூதியம் கிடையாது. ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளத்தை ஒரே தடவையாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். இரண்டாவது மில் காலத்தில் யு.ஏ.என். எண் வந்துவிட்டதால் அந்த ஐந்து ஆண்டும் கணினியில் இருக்கிறது. முதல் மில்லின் காலமோ காகிதத்தில் கிடக்கிறது. அந்தப் பழைய கணக்கில் அவர் சேர்ந்த தேதி 1998 டிசம்பர் 1 என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை மில் தாமதமாக அனுப்பியிருந்தால் இப்படி நடந்துவிடும். அந்த ஒரு தேதியால் முதல் வேலை 4 ஆண்டு 5 மாதமாகச் சுருங்கிவிடுகிறது. மொத்தம் 9 ஆண்டு 5 மாதம். ஒரே ஒரு மாதம் குறைந்ததால் ஓய்வூதியமே இல்லை.

அவர் கேட்க வேண்டிய சான்றிதழ் இந்த ஒரு மாதத்தை மீட்கும் சான்றிதழ். ‘சர்வீஸ் சர்டிபிகேட் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் மறுபடியும் அந்த மூன்று வரித் தாள்தான் வரும்.

கடிதம் எழுதுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பலர் இதை நினைப்பதில்லை. முதல் மில்லை விட்டபோது ‘பி.எஃப். செட்டில்மென்ட்’ வாங்கினீர்களா? வாங்கியிருந்தால், எந்தப் படிவத்தில்? படிவம் 19 என்பது சேமநிதிப் பணத்துக்கு. படிவம் 10சி ஓய்வூதியப் பங்குக்கு. 19 மட்டும் போட்டிருந்தால் சேமநிதி காலியானாலும் ஓய்வூதியச் சேவை அப்படியே நிற்கிறது. 10சி போட்டு ஓய்வூதியப் பங்கையும் பணமாக எடுத்திருந்தால் அந்த ஆண்டுகள் அத்தோடு கழிந்துவிட்டன. எப்பேர்ப்பட்ட சான்றிதழும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. அந்தக் காலத்தில் கேட்டருகே இருந்த யாரோ நிரப்பிக் கொடுத்த இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, எது எதற்கென்று தெரியாமல் வந்தவர்கள் ஏராளம். பழைய வங்கிப் புத்தகத்தில் இரண்டு தொகை தனித்தனியாக வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பி.எஃப். அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கலாம்: இந்தக் கணக்கில் படிவம் 10சி மூலம் தொகை வழங்கப்பட்டதா, எந்தத் தேதியில்? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அதே மனுவில் உங்கள் பதிவில் இருக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் கேட்டுவிடுங்கள். அலுவலகம் எதை வைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மில்லிடம் எதைத் திருத்தக் கேட்பது என்று தெரியும்.

இனி கடிதம். மில்லில் அதைப் பிரிக்கப்போவது முதலாளி இல்லை. டைம் ஆபீஸிலோ மனிதவளப் பிரிவிலோ இருக்கும் ஒரு எழுத்தர். உங்களை அவர் பார்த்திருக்க மாட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ரிஜிஸ்டரை எடுத்து உங்கள் பெயரைத் தேட வேண்டும். பெயரை மட்டும் வைத்துத் தேடச் சொன்னால் கடிதம் ஓரமாகப் போய்விடும். அன்றைய ரிஜிஸ்டரில் பெயரைவிட முக்கியமாக நிற்பது டோக்கன் நம்பரும் பி.எஃப். நம்பரும்தான். பழைய சம்பளச் சீட்டு, வருடாவருடம் கொடுத்த பி.எஃப். ஸ்லிப், ஈ.எஸ்.ஐ. அட்டை இவற்றில் ஏதாவது ஒன்றில் நம்பர் இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் உங்களோடு அதே மாதம் சேர்ந்தவரின் நம்பரைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து நம்பர் உங்களுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம், எழுத்தர் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு தனித் தொல்லை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். முதல் மில்லில் ஒன்று, ஆதாரில் வேறொன்று. கடிதத்தில் இரண்டையும் எழுதி, இரண்டும் ஒருவரே என்று சொல்லிவிட வேண்டும். சான்றிதழிலும் அது வந்தால்தான் பி.எஃப். அலுவலகத்தில் தகராறு வராது.

நம் எடுத்துக்காட்டுப் பெண்மணி எழுதினால் கடிதம் இப்படி இருக்கும்:

மதிப்புக்குரிய ஐயா,

நான் தங்கள் மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் 12.8.1998 முதல் 30.4.2003 வரை பணிபுரிந்தேன். டோக்கன் எண் …, பி.எஃப். கணக்கு எண் …, ஈ.எஸ்.ஐ. எண் …. அப்போது என் பெயர் தந்தையின் இனிஷியலுடன் … என்று பதிவாகியிருந்தது. தற்போது ஆதாரில் கணவரின் இனிஷியலுடன் … என்று உள்ளது.

எனக்கு 58 வயது நிறைவடைகிறது. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க உள்ளேன். பி.எஃப். அலுவலகப் பதிவில் நான் சேர்ந்த தேதி 1.12.1998 என்று உள்ளது. நான் 12.8.1998 அன்றே சேர்ந்தேன் என்பதற்கு அந்த மாதச் சம்பளச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

எனவே சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளமில்லா நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பணிச் சான்றிதழும், 1998-99ஆம் ஆண்டுக்கான என் படிவம் 3ஏயின் சான்றொப்பமிட்ட நகலும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வசதிக்காகச் சான்றிதழின் மாதிரியை இணைத்துள்ளேன். தயாரானதும் கீழ்க்கண்ட எண்ணில் தெரிவித்தால் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, …

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. என் குடும்ப நிலை இப்படி, எனக்கு வேறு கதியில்லை என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதுபவர்கள் உண்டு. அந்த வேதனை உண்மைதான். ஆனால் எழுத்தர் தேடும் டோக்கன் நம்பர் அந்தப் பக்கத்துக்குள் புதைந்துவிடும். உரிமையென்று எடுத்துச்சொல்ல வேண்டி வந்தால் சொல்லலாம்: அன்று அமலில் இருந்த 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளில் பதினாறாவது, நிரந்தரத் தொழிலாளிக்கு வேலை முடிவில் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்கிறது. முதல் கடிதத்தில் இது வேண்டாம். பதில் வராமல் நினைவூட்டல் எழுதும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் கேட்டிருக்கும் படிவம் 3ஏ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒன்றாக மில் தயாரித்து பி.எஃப். அலுவலகத்துக்கு அனுப்பிய அட்டை அது. மாதம் மாதமாகச் சம்பளம், தொழிலாளி பங்கு, நிர்வாகப் பங்கு, ஓய்வூதிய நிதிக்குப் போனது, சம்பளமில்லா நாட்கள் எல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். 2012இல் மின்னணு முறை வரும்வரை எல்லாமே இந்தக் காகிதத்தில்தான் நடந்தது. பணிச் சான்றிதழ் என்பது நிர்வாகத்தின் வாய்மொழிக்குச் சமம். 3ஏதான் பணம் கட்டியதற்கான தடயம். நம் பெண்மணியின் 1998-99 அட்டையில் ஆகஸ்ட் மாதத்து வரியில் தொகை இருந்தால், அலுவலகப் பதிவில் இருக்கும் டிசம்பர் தவறு என்பது தானே தெரிந்துவிடும். சான்றிதழும் 3ஏயும் சேர்ந்து போகும்போது திருத்தம் எளிது.

ஆகஸ்ட் வரி காலியாக இருந்தால்? அப்போது நடந்தது வேறு. முதல் சில மாதங்களைப் ‘பயிற்சி’ என்றோ ‘பதிலி’ என்றோ சொல்லி பி.எஃப். கட்டாமலே ஓட்டிய மில்கள் இருந்தன. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த இளம் பெண்கள் விஷயத்தில் இது நிறையவே நடந்தது. அவர்களுக்கு இழைத்த அநியாயம் இன்று ஐம்பது வயதில் வந்து வலிக்கிறது. திட்டத்தின் விதி தொழிலாளிக்குச் சாதகமானது: ஓய்வூதியத்துக்கான சேவை என்பது பங்குத்தொகை வந்து சேர்ந்த காலம் மட்டுமல்ல, வந்திருக்க வேண்டிய காலமும்தான். ஆனால் நிர்வாகம் உண்மையான தேதியை எழுதிக் கொடுத்தால் தன் பாக்கியைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பி.எஃப்.பில் சேர்த்த தேதியையே வேலையில் சேர்ந்த தேதியாக எழுதித் தரப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் பக்கம் நிற்பவை ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டும், ஈ.எஸ்.ஐ. பதிவுத் தேதியும்தான். அவற்றோடு பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து விசாரணை கேட்க வேண்டும். அது நீண்ட வழி, முடிவும் உறுதியில்லை. அதனால்தான் சம்பளச் சீட்டின் நகலை முதல் கடிதத்திலேயே இணைப்பது நல்லது. தேதியை மாற்றி எழுதக் கை அவ்வளவு எளிதில் துணியாது.

இணைக்கும் மாதிரிச் சான்றிதழில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, பி.எஃப். எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், சம்பளமில்லா நாட்கள் இவை போதும். கடைசியாகச் சொன்னதை லேசாக எண்ணிவிடாதீர்கள். ஸ்டிரைக், சம்பளமில்லா விடுப்பு போன்ற நாட்கள் சேவையிலிருந்து கழிக்கப்படும். நம் பெண்மணிக்கு ஒன்பதரை ஆண்டுக்கு மேல் மிச்சம் இருப்பது 2 மாதம் 19 நாள்தான். இரண்டு மில்லிலும் சேர்த்துச் சம்பளமில்லா நாட்கள் எண்பதைத் தொட்டால் சேர்ந்த தேதி சரியாக இருந்தும் அவர் கோட்டுக்கு வெளியே போய்விடுவார். 1995 நவம்பருக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள் அந்தப் பழைய தேதியையும் சான்றிதழில் கேட்டுப் பெற வேண்டும். 1971ஆம் ஆண்டு குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலத்துக்குத் தனியாக ஒரு தொகை சேரும்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நினைவூட்டல் அனுப்பலாம். பின்னால் ‘நிர்வாகம் தரவில்லை’ என்று பி.எஃப். அலுவலகத்தில் சொல்லும்போது நம்பவைப்பது இந்த ரசீதுகள்தான்.

மில்லே இல்லையென்றால் யாருக்கு எழுதுவது? பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பகுதி இருக்கிறது. பெயரோ குறியீட்டு எண்ணோ கொடுத்தால் முகவரியும், எந்த பி.எஃப். அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதும் தெரியும். மில் கைமாறியிருந்தால் பழைய ரிஜிஸ்டர் புது நிர்வாகத்திடம் இருக்க வாய்ப்பு உண்டு. ‘அது பழைய முதலாளி காலம்’ என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்ட கம்பெனி என்றால் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ நியமித்த கலைப்பு அதிகாரியிடம் ஆவணங்கள் போயிருக்கும், கடிதம் அவருக்கு. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்களில் இருந்தவர்கள் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எங்கும் எதுவும் கிடைக்காதபோது, பி.எஃப். அலுவலகத்திலேயே இருக்கும் மில் அனுப்பிய 3ஏ அட்டைகளைத் தேடித் தரச் சொல்லித் தகவல் உரிமை மனு போடலாம். இணையத்தில் புகார் செய்ய epfigms.gov.in இருக்கிறது. மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். அலுவலகமே நடத்தும் குறைதீர்ப்பு முகாமுக்கும் நகல்களோடு போகலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மில் வாசலிலேயே நின்று படித்துவிடுங்கள். தேதிகள் நாள், மாதம், ஆண்டோடு முழுசாக இருக்கின்றனவா, பி.எஃப். எண் சரியா, பெயர் இரண்டு விதமும் வந்திருக்கிறதா, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையும் இருக்கிறதா? விலகிய தேதியைக் கடைசியாகப் பி.எஃப். கட்டிய மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த நிறுவனத்தில் சேர்ந்த தேதிக்குப் பிறகு விலகியதாகத் தவறி எழுதியிருந்தால் இரண்டு வேலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விண்ணப்பம் நின்றுவிடும். திருத்தம் இருந்தால் அன்றே சொல்லிவிடுவது நல்லது; அந்த எழுத்தரிடம் ரிஜிஸ்டர் இன்னும் திறந்தே இருக்கும்.

அதன்பிறகு நம் பெண்மணி செய்ய வேண்டியது, முதல் மில் இருந்த வட்டாரத்துப் பி.எஃப். அலுவலகத்தில் சேர்ந்த தேதியைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்து, படிவம் 10சியில் பணம் கேட்காமல் ‘திட்டச் சான்றிதழ்’ கேட்பது. அந்த 4 ஆண்டு 8 மாதம் 19 நாள் சேவையை அலுவலகமே எழுதித் தரும் ஆவணம் அது. 58 வயது முடிந்ததும் படிவம் 10டியோடு அதை இணைத்துக் கொடுத்தால், கணினியில் இருக்கும் ஐந்து ஆண்டோடு சேர்த்து ஓய்வூதியத்தைக் கணக்கிடுவார்கள்.